எண்ணைத் தடுத்தால் ஆள் நிற்பாரா?

கணக்கை முடக்கினால் விஷமி மாற்றுக் கணக்கில் திரும்பிவிடுவார் என்பதால், அவருடைய இணைய முகவரியான ஐபி எண்ணையே தடுக்க வேண்டும் என்பது பரவலான வாதம். இதன் முற்பாதி உண்மை, முடிவு பிழை.

1. ஐபி எண் இணைப்பைக் குறிக்கிறது, ஆளை அன்று. 2007 புத்தாண்டையொட்டி விக்கிப்பீடியா ஓர் எண்ணைத் தடுத்தபோது, கத்தாரின் இணையப் போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் அவ்வழியே சென்றதால், அந்நாட்டில் கணக்கில்லாதோர் எவரும் தொகுக்க இயலாமல் போயிற்று. குற்றம் யாருடையது, தண்டனை யாருக்கு?

2. விஷமியோ கைபேசித் தரவுக்கு மாறி நொடியில் வேறு எண் பெறுகிறார்.

3. ஆகவேதான் விக்கிப்பீடியாவில் கணக்குத் தடை காலவரையற்றதாக இருக்கலாம். அக்கணக்கு கடைசியாகப் பயன்படுத்திய எண்ணின்மீது தானாக விழும் தடையோ 24 மணி நேரமே நீடிக்கிறது. மாற்றுக் கணக்கைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் அதே கட்டுரைகளும் அதே எழுத்துப்பிழைகளுமே. அவற்றைப் பாராமல் எண்ணை மட்டும் பூட்டுவோர் தடுப்பது யாரை?