போர்டு செத்துவிட்டது என்று சொல்வதற்கு முன்

விண்டோஸ் 11 போடுவதற்காகப் பேரன் எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பின் பயாஸில் CSM என்பதை Disabled ஆக்கிச் சேமித்துவிட்டான். அதன் பிறகு திரையில் No Signal மட்டும்தான். கடைக்காரர் "மதர்போர்டு போச்சு சார்" என்றார்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. கேப்ஸ் லாக் அழுத்தினால் கீபோர்டு விளக்கு எரிந்து அணைந்தது. செத்த போர்டு அப்படிச் செய்யுமா? எங்கள் கிராபிக்ஸ் கார்டு மிகப் பழையது. CSM துணை இல்லாமல் அதனால் படம் காட்ட முடியாது. படம் இல்லாமல் பயாஸில் எதை மாற்றுவது? அதற்குத்தான் ஜம்பர்.

மின் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, மிச்ச மின்சாரத்தை இறக்கினேன். வட்ட பேட்டரிக்கு அருகில் CLR_CMOS என்று எழுதிய மூன்று ஊசிகள். 1-2இல் இருந்த ஜம்பரை 2-3க்கு மாற்றிப் பத்து விநாடி வைத்தேன். மறுபடி 1-2இல் செருகிய பிறகே மின்சாரம் கொடுத்தேன். இதை மறக்கவே கூடாது. எங்கள் போர்டு தயாரிப்பிலேயே CSM இயங்கும்படி வந்தது. அதனால் படம் வந்துவிட்டது.

தேதியும் நேரமும் அழிந்திருந்தன, சரிசெய்தேன். சிலருக்கு SATA முறையும் மாறி, விண்டோஸ் ஏறாமல் நிற்கும். அது டிஸ்க் பழுதல்ல. முன்பிருந்த முறைக்கு மாற்றினால் ஏறிவிடும்.

பயாஸில் கை வைக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். ஜம்பரைத் தொட்டுப் பார்க்காமல் புது போர்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.