கார்டில் என்ன எழுதியிருக்கிறது?

போன ஞாயிறு காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு நேராக புக்கிட் ரோத்தானில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனேன். தோசை தட்டுக்கு வருவதற்குள் வழக்கு வந்துவிட்டது.

"நீ ரேடியோவில இருக்கறவன், நாலு விஷயம் தெரிஞ்சவன். உன் தங்கச்சி கடலுக்கு அடியில போறேங்கிறா. நீயே என்னன்னு கேளு."

தங்கைக்கு 22 வயது, கோலாலம்பூரில் முதல் வேலை. தோழிகளோடு பெர்ஹெந்தியான் தீவுக்குப் போய் ஸ்கூபா கற்றுக்கொள்ளத் திட்டம். கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். 'ஒரே நாளில் ஓப்பன் வாட்டர் லைசென்ஸ். சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்.'

சித்தியின் பயத்துக்குக் காரணம் உண்டு. நாங்கள் தோட்டத்தில் இருந்த காலத்தில், என்னோடு ஐந்தாம் ஆண்டு படித்த ஒருவன் லயத்துக்குப் பின்னால் இருந்த குட்டையில் மூழ்கிப்போனான். அவனைத் தூக்கக் குதித்த அண்ணனும் திரும்பவில்லை. அன்றிலிருந்து தண்ணீர் என்றாலே சித்திக்கு அந்த இரண்டு பாய்களும் கண்முன் வந்துவிடும்.

நான் ஒருமுறை நிகழ்ச்சிக்காக ஸ்கூபா பயிற்சியாளர் ஒருவரைப் பேட்டி கண்டு, பிறகு நானும் கற்றுக்கொண்டவன். அதனால் விளம்பரத்தைப் பார்த்ததுமே இரண்டு இடத்தில் உறுத்தியது.

முதலாவது, 'ஒரே நாள்'. உலகெங்கும் ஸ்கூபா சான்றிதழ்களைத் தருவது அரசாங்கங்கள் அல்ல, பாடி, எஸ்எஸ்ஐ, நாவி போன்ற பயிற்சி நிறுவனங்கள்தாம். இவற்றில் அதிகம் காணப்படுவது 1966இல் தொடங்கிய பாடி. அதன் விதிப்படி, ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலைக்கு, நீச்சல் குளம் போன்ற அமைதியான நீரில் பயிற்சியை முடித்த பிறகு கடலில் நான்கு முறை மூழ்க வேண்டும். அந்த நான்கையும் ஒரே நாளில் முடிக்கக் கூடாது, குறைந்தது இரண்டு நாள் வேண்டும். 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து வழக்கமாக மூன்று நான்கு நாள் ஆகும். அதன் பிறகுதான் இன்னொரு துணையோடு 18 மீட்டர் ஆழம் வரை போகலாம் என்று கார்டு சொல்லும். ஒரே நாளில் கிடைப்பது பயிற்சியாளர் பக்கத்திலேயே இருக்க, கடலை எட்டிப் பார்த்துவிட்டு வரும் அனுபவம் மட்டுமே. அதற்கு லைசென்ஸ் என்று பெயர் கிடையாது.

இரண்டாவது, 'சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்'. எந்தச் சான்றிதழ் என்பதுதான் கேள்வி. ஓப்பன் வாட்டருக்கு மேல் அட்வான்ஸ்ட், அதற்கு மேல் ரெஸ்கியூ டைவர், அதற்கும் மேல் டைவ்மாஸ்டர். டைவ்மாஸ்டர் ஆக 18 வயதும், பதிவேட்டில் 60 முழுக்கும் வேண்டும். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர்களை வழிநடத்தவும், பயிற்சியாளருக்கு உதவவும்தான் அவருக்கு அனுமதி. புதியவருக்கு ஓப்பன் வாட்டர் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் தர அவரால் முடியாது.

பயிற்சியாளர் ஆவது தனிப் படிப்பு. குறைந்தது 100 முழுக்கு முடித்தவர், கோர்ஸ் டைரக்டர் என்ற மூத்த ஆசிரியரிடம் பயிற்சி எடுக்கிறார். ஆனால் மதிப்பெண் போடுவது அந்த ஆசிரியர் அல்ல. பாடி நிறுவனம் தனியாக ஒரு தேர்வாளரை அனுப்புகிறது. எழுத்துத் தேர்வு உண்டு, தண்ணீரில் பாடம் நடத்திக் காட்டவும் வேண்டும். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கூடத் தேர்வெழுதுகிறவர்களே மாணவர்களாக நடிப்பார்கள். இன்ன இடத்தில் இன்ன தவறு செய்யுங்கள் என்று தேர்வாளர் அவர்களிடம் ரகசியமாகச் சொல்லி வைத்திருப்பார். ஒருவர் முகமூடியில் நீரை வெளியேற்றும்போது மூக்கால் ஊதாமல் விடுவார், இன்னொருவர் மெல்ல மேலே மிதந்து போவார். அதைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். அவர் நன்றாக நீந்துகிறாரா என்பதைவிட, அடுத்தவருக்கு வரும் சிக்கலை முன்கூட்டியே பார்க்கிறாரா என்பதே சோதனை.

"சரி, அந்தக் கடையில இருக்கறவரு யாருன்னு எப்படித் தெரியும்?" என்றாள் தங்கை.

புலனத்தில் கேட்கச் சொன்னேன். பாடம் நடத்துபவரின் பெயர், உறுப்பினர் எண், எத்தனை நாள் பயிற்சி. எண் வந்தது. PADI Pro Chek என்று இணையத்தில் தட்டி அந்த எண்ணைப் போட்டோம். டைவ்மாஸ்டர் என்று வந்தது. "அப்படியானால் பயிற்சியாளர் யார்?" என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. இன்னொரு கடை பயிற்சியாளரின் எண்ணைத் தந்தது. அவர் பயிற்சியாளர் என்பதோடு, இந்த ஆண்டுக்குப் புதுப்பித்தவர் என்றும் காட்டியது. இதையும் கவனியுங்கள். நம்முடைய ஓப்பன் வாட்டர் கார்டுக்குக் காலாவதி கிடையாது. பயிற்சியாளர் மட்டும் ஆண்டுதோறும் புதுப்பித்தால்தான் பாடம் நடத்தலாம். பழைய கார்டைச் சுவரில் மாட்டியிருப்பது போதாது.

சித்தி அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "இவ்வளவு படிச்சவரு போனா, குட்டையில விழுந்த பிள்ளையையும் காப்பாத்திடுவாரா?"

நல்ல கேள்வி. ஸ்கூபா கார்டு வேறு, உயிர்காப்பாளர் சான்றிதழ் வேறு. 1891இல் இங்கிலாந்தில் தொடங்கிய உயிர்காப்புச் சங்கத்தின் வழியில், பல காமன்வெல்த் நாடுகளில் பிரான்ஸ் மெடாலியன் என்ற விருதுக்குப் பயிற்சி தருகிறார்கள். மலேசியாவிலும் உண்டு. அதில் சொல்லித்தருவது குதிப்பதை அல்ல, குதிக்காமல் இருப்பதை. முதலில் கரையில் நின்று குரல் கொடு. பிறகு கழியை நீட்டு. எட்டவில்லையென்றால் கயிறோ மிதவையோ எறி. படகு இருந்தால் எடு. எதுவுமே முடியாதபோதுதான் இறங்கு. 2018 அக்டோபர் 3ஆம் தேதி பூச்சோங்கில் ஒரு பழைய ஈயக் குட்டையில் சிறுவனைத் தேடி இறங்கிய தீயணைப்புத் துறையின் நீர் மீட்பு வீரர்கள் ஆறு பேர் இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே அந்த நிலை. என் வகுப்புத் தோழனின் அண்ணன் கையில் ஒரு நீளமான மூங்கில் இருந்திருந்தால் என்று நான் இன்றும் நினைப்பதுண்டு.

கார்டுக்கும் எல்லை உண்டு. 2022 ஏப்ரல் 6ஆம் தேதி ஜொகூர், மெர்சிங் அருகே ஒரு பயிற்சியாளர் மூன்று மாணவர்களோடு மூழ்கினார். மேலே வந்தபோது படகைக் காணவில்லை. நீரோட்டம் அவர்களை இழுத்துச் சென்றது. பயிற்சியாளர் மறுநாள் மீட்கப்பட்டார். இரண்டு மாணவர்கள் அதற்கு இரண்டு நாள் கழித்துக் கிடைத்தார்கள். 14 வயதுச் சிறுவன் திரும்பவில்லை. படகோட்டி கைது செய்யப்பட்டார். தண்ணீருக்கு அடியில் பாடம் நடத்தத் தெரிந்தவர் என்பதற்குத்தான் கார்டு சாட்சி. மேலே காத்திருக்கும் படகைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

தங்கை இரண்டாவது கடையில் நான்கு நாள் பயிற்சிக்குப் பதிவு செய்துவிட்டாள். பணம் கட்டுவதற்கு முன் சித்தி கைத்தொலைபேசியை வாங்கி, குரல் பதிவில் தானே ஒரு கேள்வி அனுப்பினார்.

"தம்பி, நீங்க எல்லாரும் கீழ போயிட்டா, படகுல யாரு இருப்பா?"

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. படகோட்டியோடு இன்னொருவரும் மேலேயே இருப்பாராம், இறங்கும்போதும் ஏறும்போதும் தலைகளை எண்ணுவாராம். அதன் பிறகுதான் எனக்குத் தோசை கிடைத்தது.