வாட் தெரிகிறது, வேகம் தெரியவில்லை

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சார்ஜர் விதி 2024 டிசம்பர் 28 முதல் செல்போன்களுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்களுக்கும் டைப்-சியைக் கட்டாயமாக்குகிறது. பையில் நாலு விதக் கேபிள் சுமக்கும் நாம் இதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் விதியின் கவலையெல்லாம் சார்ஜ் ஏறுவதைப் பற்றித்தான். அதே துளை வழியே ஃபுட்டேஜ் என்ன வேகத்தில் இறங்கும் என்பது அதற்குப் பொருட்டில்லை.

போன மாதம் ஒரு கல்யாணம். முதல் நாள் வரவேற்பில் ஐபோன் 15 ப்ரோவில் 4கே 30 ப்ரோரெஸ், 15 நிமிடம், 90 ஜிபி. ராத்திரியே ஹைலைட் வெட்டினான் உதவியாளர் தம்பி. எடிட்டிங் ஆப் கிளிப்புகளைத் தனக்குள் இன்னொரு நகல் எடுத்துக்கொண்டது; 90 ஜிபி 180 ஆனது. காலையில் முகூர்த்தத்துக்கு 20 நிமிடம் இருக்கும்போது, "அண்ணே, போன் ஃபுல்னு வருது" என்றான். பழைய கிளிப்புகளை அழித்தும் இடம் வரவில்லை. ‘சமீபத்தில் நீக்கியவை’ ஆல்பத்திலிருந்தும் அழிக்காவிட்டால் அவை 30 நாள் வரை அங்கேயே கிடக்கும் என்பது பதற்றத்தில் யாருக்கு நினைவிருக்கும்?

கையில் நல்ல எஸ்எஸ்டி இருந்தது. போட்டதோ போனோடு வந்த கேபிள். அது யூஎஸ்பி 2. நொடிக்கு 40 எம்பி தாண்டாது. 90 ஜிபிக்கு 37 நிமிடம். போனின் துளை 10 ஜிகாபிட் தாங்கும். அதற்கேற்ற கேபிள் இருந்திருந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். நேரடியாக எஸ்எஸ்டியிலேயே பதிவு செய்திருந்தால் இந்தப் பாடே இல்லை. ஆனால் 4கே 60-க்கு நொடிக்கு 220 எம்பி எழுத வேண்டும். அதற்கும் அதே கேபிள்தான் வேண்டும்.

எஸ்எஸ்டி வாங்கும்போது பெட்டியில் உள்ள ‘1000 எம்பி’யை நம்பாதீர்கள். விலை மலிந்த பலவற்றில் அது கேஷ் நிறையும்வரைதான். இடைவிடாமல் 200 ஜிபி எழுதிப் பாருங்கள். பாதியில் 220-க்குக் கீழே சரிந்தால் அது படப்பிடிப்புக்கு ஆகாது, பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். கேபிளைச் சோதிக்க 10 ஜிபி போதும்: நாலு நிமிடம் இழுத்தால் யூஎஸ்பி 2.

இதையெல்லாம் ஏன் நாம் சோதிக்க வேண்டும்? சார்ஜருக்கு எத்தனை வாட் வேண்டும் என்பதைப் பெட்டி மேல் படம் போட்டு அச்சிடச் சொன்ன அதிகாரிகளுக்கு, கேபிளின் தலையில் ‘10’ என்று ஒரு எண்ணைப் பொறிக்கச் சொல்ல மனம் வரவில்லை. முன்பு துளையின் வடிவமாவது வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்தது. இப்போது எல்லாம் ஒரே அச்சு. ஏமாறுவது மட்டும் சுலபமாகிவிட்டது. வேகத்தைப் பொறிக்கும் சின்னம் இருக்கிறது. அதைப் போடுவதும் விடுவதும் தயாரிப்பாளர் இஷ்டம்.

அவர்கள் பொறிக்கும்வரை, எங்கள் ஸ்டூடியோவில் சோதித்துத் தேறிய கேபிள்களின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறோம். சுற்றாதது சார்ஜுக்கு மட்டும்.