வங்கி வேல்யூவர் ரிப்போர்ட்: விலையைப் பார்க்கும் முன் சதுர அடியைப் பாருங்கள்

"அதே பிளாக்ல போன வருஷம் ஒரு வீடு 75 லட்சத்துக்குப் போச்சு. நம்ம வீட்டுக்கு மட்டும் எப்படிங்க 54 லட்சம்னு போட்டாங்க?"

வீட்டுக் கடன் தவணை தவறி, அடமான ஃபிளாட்டை ஏலத்துக்குக் கொண்டுபோக வங்கி தயாராகும்போது பல வீடுகளில் எழும் கேள்வி இது. பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். விலை குறைவு என்று மேனேஜரிடம் சண்டை போடுகிறார்கள். "வேல்யூவர் கொடுத்ததுதான் சார், நாங்க என்ன பண்ண முடியும்" என்று பதில் வருகிறது. பேச்சு முடிந்துவிடுகிறது.

சண்டை போட வேண்டிய இடம் விலை அல்ல. விலை என்பது வேல்யூவரின் கருத்து. அதற்கு எதிராக உங்கள் கருத்தை மட்டும்தான் வைக்க முடியும். ஆனால் பரப்பளவும் உரிமையாளர் விவரமும் ஆவணத்தில் இருப்பவை. அவற்றில் தவறு இருந்தால் காகிதத்தைக் காட்டியே திருத்தலாம். அந்தத் தவறு திருந்தினால் விலையும் தானாக மாறும்.

ஒரே வீடு, இரண்டு சதுர அடி

சென்னைப் புறநகரில் ஒரு தம்பதியின் ஃபிளாட்டை வைத்துப் பார்ப்போம். எண்கள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. பில்டர் விற்றபோது சொன்ன பரப்பு 1,150 சதுர அடி. இது சூப்பர் பில்டப் ஏரியா. சுவர், படிக்கட்டு, லிஃப்ட், காரிடார் ஆகியவற்றின் பங்கும் இதில் சேரும். வீட்டுக்குள் டேப் வைத்து அளந்தால் கிடைக்கும் கார்பெட் ஏரியா 840 சதுர அடி. 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் கார்பெட் ஏரியாவை வரையறுத்திருக்கிறது. உள்சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவரும் அந்த வீட்டுக்கான பால்கனியும் சேராது.

வேல்யூவர் வீட்டுக்கு வந்து அளந்தார். 840 என்று எழுதினார். பிறகு அந்தப் பகுதியில் விசாரித்தார். "சதுர அடி 6,500 போகுது" என்றார்கள். 840-ஐ 6,500-ஆல் பெருக்கினார். சந்தை மதிப்பு 54,60,000 ரூபாய்.

அளவு சரி. விலையும் சரி. பெருக்கியதுதான் தவறு. தரகர்கள் சொல்லும் 6,500 என்பது சூப்பர் பில்டப் ஏரியாவுக்கான விலை. அதை 1,150-ஆல் பெருக்கியிருந்தால் 74,75,000 ரூபாய் வந்திருக்கும். ஒரு பெருக்கலில் 20 லட்சத்து 15 ஆயிரம் காணாமல் போய்விட்டது.

தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும். இதே வீட்டின் விலையைக் கார்பெட் ஏரியாவுக்குக் கணக்கிட்டால் சதுர அடிக்குச் சுமார் 8,900 ரூபாய். இந்த விலையை 1,150-ஆல் பெருக்கினால் வீடு ஒரு கோடியைத் தாண்டிவிடும். கடன் கொடுக்கும் நேரத்தில் இப்படி நடந்தால், தாங்க முடியாத கடன் ஒருவர் தலையில் ஏறும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ரிப்போர்ட்டில் சதுர அடி விலைக்குப் பக்கத்தில் எந்த ஏரியா என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். எழுதாவிட்டால் அதே வளாகத்தில் சமீபத்தில் விற்ற ஒரு வீட்டின் மொத்த விலையை எடுத்து, அதன் சூப்பர் பில்டப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். வேல்யூவரின் விலைக்கு அருகில் வந்தால், அவர் எந்த விலையை எடுத்தார் என்பது தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய ஃபிளாட்கள் பலவற்றுக்குக் கிரயப் பத்திரத்தில் பதிவானது நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு, அதாவது யுடிஎஸ் மட்டும்தான். கட்டடத்தின் பரப்பு, பில்டரோடு போட்ட கட்டுமான ஒப்பந்தத்தில் இருக்கும். கிரயப் பத்திரம் மட்டும் வங்கிக் கோப்பில் இருந்தால் 1,150 என்ற எண்ணே வேல்யூவர் கண்ணில் படாது. அந்த ஒப்பந்தத்தையும் அனுமதி பெற்ற வரைபடத்தையும் தேடி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் இல்லாத அறையை மொட்டை மாடியில் போட்டிருந்தாலோ, பொது இடத்தை வளைத்து வீட்டோடு சேர்த்திருந்தாலோ, அதை வேல்யூவர் விட்டுவிடுவது தவறல்ல. அந்தச் சதுர அடிக்காக வாதாடிப் பயனில்லை.

யார் வீடு, எந்த வீடு?

அதே ரிப்போர்ட்டில் "உரிமையாளர்" என்ற இடத்தில் கணவர் பெயர் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரும் உண்டு. கடன் கோப்பின் முதல் பக்கத்தில் இருந்த பெயரை அப்படியே எடுத்து எழுதியதால் வந்த பிழை இது.

வேல்யூவர் உரிமைக்குச் சான்று கொடுப்பவர் அல்ல. அது வங்கி வழக்கறிஞரின் வேலை. பெரும்பாலான ரிப்போர்ட்டுகளின் கடைசிப் பக்கத்தில் இதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனாலும் இந்தப் பிழை சும்மா கிடக்காது. ரிப்போர்ட்டில் உள்ள விவரம் ஏல அறிவிப்புக்குப் போகலாம். மனைவியும் பாதிப் பங்குக்காரர், அடமானத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார் என்றால், அவருக்கும் முறையாக நோட்டீஸ் போக வேண்டும். அவர் அடமானத்தில் கையெழுத்தே போடவில்லை என்றால், அவர் பங்கு வங்கியிடம் அடமானமாக இருக்கிறதா என்பதே கேள்விக்குள்ளாகும். இப்படிப்பட்ட வீட்டை ஏலத்தில் எடுப்பவருக்கும் அது தலைவலிதான்.

ஆகவே கிரயப் பத்திரத்தையும் புதிதாக எடுத்த வில்லங்கச் சான்றையும் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட வேண்டும். பெயர்கள், பத்திர எண், சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண், யுடிஎஸ் அளவு, மாடி, கதவு எண். 520 சதுர அடி யுடிஎஸ் 502 என்று தட்டச்சாகியிருக்கலாம். வீடு பூட்டியிருந்த நாளில் வந்து பக்கத்து வீட்டைப் படம் எடுத்திருக்கவும் கூடும். இணைத்துள்ள படத்தில் இருப்பது உங்கள் வாசலா என்று பாருங்கள்.

சந்தை மதிப்பு எங்கிருந்து வந்தது?

பரப்பளவு சரியான பிறகுதான் சதுர அடி விலைக்கு வர வேண்டும். இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: 6,500 என்ற எண் எந்த விற்பனைகளிலிருந்து எடுக்கப்பட்டது? நல்ல ரிப்போர்ட்டில் ஒப்பிடத்தக்க இரண்டு மூன்று விற்பனைகளாவது இருக்கும். "உள்ளூரில் விசாரித்ததில்" என்ற ஒற்றை வரி போதாது.

பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பைச் சந்தை மதிப்பாகக் காட்டினாலும் கேள்வி கேட்கலாம். அது முத்திரைத் தீர்வை கணக்கிடுவதற்கான எண்; சந்தை அதற்கு மேலும் இருக்கலாம், கீழும் இருக்கலாம். அதுபோல, அதே வயதுள்ள ஃபிளாட்களின் விற்பனை விலையை எடுத்துக்கொண்டு, பிறகு "கட்டடத்துக்கு 12 வயது" என்று தனியாகத் தேய்மானம் கழித்திருந்தால், ஒரே வயதை இரண்டு முறை கழித்ததாகிவிடும். பழைய வீட்டின் விலையில் அதன் வயது ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

டிஸ்ட்ரெஸ் வேல்யூ என்ற கடைசி வரி

அவசரமாக, போதிய அவகாசம் இல்லாமல் விற்றால் என்ன கிடைக்கும் என்ற மதிப்பீடுதான் டிஸ்ட்ரெஸ் வேல்யூ. பல ரிப்போர்ட்டுகளில் இது தனியாக ஆராய்ந்து போடப்படுவதில்லை. சந்தை மதிப்பில் 75 அல்லது 80 சதவீதம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதனால் மேலே நடந்த ஒவ்வொரு தவறும் அப்படியே கீழே இறங்கி வருகிறது.

நம் தம்பதிக்கு 46 லட்சம் ரூபாய் கடன் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். தவறான கணக்கில் 75 சதவீதம் என்பது 40,95,000. வீட்டை விற்ற பிறகும் ஐந்து லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கியை வசூலிக்க வங்கி நீதிமன்றத்துக்குப் போகலாம். சரியான கணக்கில் அதே 75 சதவீதம் 56,06,250. கடனும் அடையும், வட்டி, செலவு போக மிச்சம் இருந்தால் அது உரியவர்களுக்கே திரும்ப வேண்டும். வீடும் போய்க் கடனும் நிற்பதற்கும், கையில் கொஞ்சம் பணத்தோடு வாடகை வீட்டுக்குப் போவதற்கும் நடுவில் இருந்தது 310 சதுர அடிதான்.

டிஸ்ட்ரெஸ் வேல்யூவே ஏலத்தின் ஆரம்ப விலையாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சர்ஃபாசி சட்டத்தின்கீழ் 2002-இல் வந்த விதிகளில் 8(5) சொல்வது இதுதான்: அங்கீகரிக்கப்பட்ட வேல்யூவரிடம் மதிப்பீடு பெற்று, வங்கியோடு கலந்து, அதிகாரி ரிசர்வ் விலையை நிர்ணயிக்க வேண்டும். அந்தக் கலந்தாலோசனையில் ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் பார்த்தால், கடனாளிக்குப் பேச இடமில்லை.

நகல் கொடுத்தால் என்ன?

மதிப்பீட்டு ரிப்போர்ட்டின் நகலைக் கடனாளிக்குத் தர வேண்டும் என்று அந்த விதியின் வாசகத்தில் இல்லை. இருக்க வேண்டும். "கொடுத்தால் இழுத்தடிப்பார்கள்" என்று வங்கிகள் சொல்லலாம். அதற்கும் வழி உண்டு. 15 நாள் மட்டும் கொடுங்கள். விலையைப் பற்றி அல்ல, பரப்பளவு, உரிமையாளர், அடையாளம் ஆகியவற்றில் உள்ள பிழைகளை மட்டும் ஆவணத்தோடு சொல்லச் சொல்லுங்கள். அதைச் சரிபார்க்க ஒரு நாள் போதும். பிழையோடு ஏலம் போட்டு, வழக்கில் மாட்டி வருடக்கணக்கில் இழுபடுவதைவிட இது வங்கிக்கும் லாபம்.

விதி மாறும்வரை கடனாளிதான் முந்திக்கொள்ள வேண்டும். வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுத்தால், 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். நிலுவை முழுவதையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான். எனவே அறிவிப்பு வருவதற்கு முன்பே, அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதி நகல் கேளுங்கள். பிழை இருந்தால் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், வரைபடம் ஆகியவற்றின் நகலோடு திருத்தம் கேளுங்கள். முடிந்தால் பதிவு பெற்ற இன்னொரு வேல்யூவரின் ரிப்போர்ட்டையும் சேருங்கள்.

அந்தக் கடிதத்தில் "விலை ரொம்பக் கம்மி" என்று எழுத வேண்டாம். "பக்கம் 3-இல் 840 சதுர அடி என்பது கார்பெட் ஏரியா, அதற்குப் போட்ட 6,500 ரூபாய் சூப்பர் பில்டப் ஏரியாவின் விலை" என்று எழுதுங்கள். முதல் வரிக்கு "வேல்யூவர் கொடுத்ததுதான் சார்" என்று சொல்லிவிடலாம். இரண்டாவது வரிக்கு அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.