"உங்க ரூட்டர் பழசு சார்" என்பவர்களிடம் இனி வாதாடாதீர்கள்

நண்பர்களே, வீட்டு இன்டர்நெட் விட்டு விட்டு வருகிறது என்று புகார் கொடுத்தால் வரும் பதில் நமக்கெல்லாம் மனப்பாடம். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." அப்புறம், "எங்க சைடுல எல்லாம் ஓகே, உங்க லேப்டாப்பைப் பாருங்க." கடைசியில், "ரூட்டர் பழசு சார், மாத்திக்கிடுங்க." சோதித்துப் பார்க்காமல் சொல்லும் தீர்ப்பு இது. பல ஆண்டுகள் பள்ளி ஆய்வகத்தில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்காதவனுக்கு முடிவு சொல்ல உரிமை இல்லை. அந்தச் சோதனைக்கான கருவி உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போன்தான்.

பெருமாள்புரத்தில் என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். மீட்டிங் நடுவே அடிக்கடி லைன் அறுந்ததில் அலுவலகத்திலிருந்து எச்சரிக்கையே வந்துவிட்டது. நிறுவனமோ புது ரூட்டர் வாங்கச் சொல்லிவிட்டது. பென்ஷன் பணத்தை எடுத்து வைத்துவிட்டார்கள். "பொறுங்க டீச்சர், முதல்ல சோதிப்போம்" என்றேன்.

லைன் தகராறு செய்யும் நேரத்திலேயே, லேப்டாப்பை இருந்த மேஜையிலேயே வைத்து, இந்த இரண்டையும் ஓட்டினோம்:

```
ping -n 50 192.168.1.1
ping -n 50 8.8.8.8
```

முதல் எண் வீட்டு ரூட்டருடையது. சில ரூட்டர்களில் வேறாக இருக்கும், அடியில் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். இரண்டாவது வெளியுலகில் உள்ள கூகுள் சர்வர். ரூட்டருக்குப் போன ஐம்பதும் திரும்பின. வெளியே போன ஐம்பதில் பத்தொன்பது தொலைந்தன.

பிறகு போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவை மட்டும் வைத்து, யு.எஸ்.பி. வயரில் லேப்டாப்போடு இணைத்து டெதரிங் போட்டோம். வைஃபையை அணைப்பது முக்கியம். இல்லாவிட்டால் சில போன்கள் அதே வீட்டு லைனையே சுற்றிக் கொண்டுவந்து கொடுக்கும், சோதனையே பொய்யாகிவிடும். லேப்டாப்பின் வைஃபையையும் அணைத்துவிட்டு இரண்டாவது கட்டளையை மறுபடி ஓட்டினோம். ஐம்பதும் வந்தன.

இதன் பொருள் என்ன? லேப்டாப் நல்லது, வெளியுலகம் நல்லது. ஆனால் பலர் இங்கேயே நிறுத்திவிட்டு "லைன்தான் கோளாறு" என்று சண்டைக்குப் போகிறார்கள். அது போதாது. வீட்டு வைஃபை கெட்டிருந்தாலும் டெதரிங் நன்றாகத்தான் ஓடும். முதல் கட்டளை அதற்காகத்தான். ரூட்டர் வரை ஒன்றும் தொலையவில்லை, எனவே வைஃபை மேல் பழி போட முடியாது. கோளாறு ரூட்டரின் வெளிவாசலில், அல்லது அதற்கு அப்பால். கூடவே பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு அவ்வப்போது சிவப்பாக மினுக்கியது. கண்ணாடி இழை வழியே ஒளி சரியாக வரவில்லை என்பதற்கு அடையாளம் அது.

தேதி, நேரம், தொலைந்த எண்ணிக்கை மூன்றையும் எழுதி, புகார் எண்ணோடு அனுப்பினோம். மறுநாள் லைன்மேன் வந்தார். "மீட்டரைக் காட்டுங்க தம்பி" என்றேன். மைனஸ் 29. பொதுவாக மைனஸ் 27-க்குக் கீழே போனால் பெட்டி தடுமாறும். ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டியதில் வயர் மடங்கியிருந்தது. நேராக்கி, முனையைப் புதிதாகப் போட்டதும் மைனஸ் 21. புது ரூட்டர் தேவைப்படவில்லை.

லைன் சரியாகும் வரை அந்தப் பையன் டெதரிங்கில்தான் வேலை பார்த்தான். அதற்கும் ஒரு எச்சரிக்கை. தினசரி டேட்டா ஒன்றரை, இரண்டு ஜிபி என்றால், சில மணி நேர வீடியோ மீட்டிங்கிலேயே தீர்ந்துவிடும். விண்டோஸில் அந்த இணைப்பை Metered connection என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அப்டேட்டே பாதியைத் தின்றுவிடும். சிம் வேறு நிறுவனத்துடையதாக இருக்கட்டும். ஒரே நிறுவனத்தின் பிரதான கேபிள் அறுந்தால் இரண்டும் சேர்ந்தே படுக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் கரண்ட் போய் டவர்களும் செத்ததைப் பார்த்தவர்கள் நாம். அந்த மாதிரி நாளில் எந்தச் சிம்மும் உதவாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக நிறுவனங்களுக்கு. அகலக்கற்றைப் பழுதை மூன்று வேலை நாளுக்குமேல் இழுத்தடித்தால் வாடகையில் கழிவு தரவேண்டும் என்று டிராய் 2006-லேயே விதி போட்டது. அதைக் கேட்கத் தேதியும் புகார் எண்ணும் வேண்டும். அதனால்தான் சொல்கிறேன் மக்களே, போனில் கத்தாதீர்கள், எண்களை எழுதிக் கொடுங்கள். மேல்முறையீட்டுக்குப் போனாலும் அந்தச் சீட்டுதான் பேசும்.