பழைய கைத்தொலைபேசியை அன்றே கையளிக்காதீர்!

டென்மார்க்கில் வாழும் எம்மவர் சிலர் அன்ரொயிட் கைத்தொலைபேசியை விட்டு ஐபோனுக்கு மாறும்போது, பழையதை அன்றே கடையில் ஒப்படைத்துவிடுகின்றனர். இதனை அவசரபுத்தி என்பேன். “எல்லாம் கூகிளில் இருக்கிறதே” என்பர். தொடர்பு இலக்கங்களும் படங்களும் கூகிள் கணக்கிற் சேமிக்கப்பட்டிருப்பின் மீளக் கிடைக்கும். வட்ஸ்அப் உரையாடல்களோ அவ்வாறல்ல. அன்ரொயிட்டில் அவற்றின் சேமிப்பு கூகிள் கணக்கிற்குச் செல்கிறது. ஐபோனிலுள்ள வட்ஸ்அப் அதனைத் திறக்காது. ஊரிலிருந்து தாயார் அனுப்பிய குரற்பதிவுகள் அங்கேயே முடங்கிவிடும்.

2022ஆம் ஆண்டு முதல் இதற்கு வழியுண்டு. பழைய கருவியில் Move to iOS செயலியை நிறுவி, இரண்டையும் மின்னிணைப்பில் வையுங்கள். ஐபோனை முதன்முதலாகத் தயார்செய்யும் வேளையில் அதில் தோன்றும் குறியீட்டைப் பழையதிற் பதிந்து, மாற்றவேண்டியவற்றுள் வட்ஸ்அப்பையும் தெரிவுசெய்யவேண்டும். பின்னர் ஐபோனில் வட்ஸ்அப்பை நிறுவி, அதே தொலைபேசி இலக்கத்துடன் நுழையவேண்டும். கடைக்காரர் அன்புடன் முன்கூட்டியே தயார்செய்து தந்துவிட்டாராயின், ஐபோனை முழுமையாக அழித்து மீளத் தொடங்கவேண்டியதுதான். அதற்கும் பழைய கருவி கையில் இருக்கவேண்டும். பழைய குரற்பதிவொன்று புதியதில் ஒலிப்பதைக் கேட்ட பின்பே பழையதை அழியுங்கள்.