தொப்பூர் கணவாயில் குறுக்கே வந்த மாடு: கார் செலவை இன்ஷூரன்ஸ் தருமா?

தருமபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ல், தொப்பூர் கணவாய் இறக்கம் விபத்துகளுக்குப் பெயர் போனது. அந்த இறக்கத்தில் ராத்திரி நேரத்தில் ஒரு மாடு குறுக்கே வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக் அடித்தும் கார் மோதிவிடுகிறது. மாட்டுக்காரர் யார் என்று தெரியாது. பம்பர், பானெட், முன் கண்ணாடி எல்லாம் காலி. "தப்பு நம்ம மேல இல்லையே, பணம் வந்துடும்" என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால், முதல் கேள்வி தப்பு யார் மேல் என்பதல்ல. கையில் இருப்பது எந்த பாலிசி என்பதுதான்.

எந்த பாலிசியில் கிடைக்கும்?

சட்டப்படி கட்டாயமான தேர்டு பார்ட்டி பாலிசி, நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே. அதை மட்டும் வைத்திருந்தால் சொந்த வண்டியின் ரிப்பேருக்கு ஒரு பைசாகூட வராது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியோ, தனியாக எடுத்த ஓன் டேமேஜ் பாலிசியோ இருந்தால் கிடைக்கும். வெளியிலிருந்து வரும் எதிர்பாராத மோதல் எதுவும் அதில் அடங்கும். மாடு, நாய் என்ற பாகுபாடு கிடையாது. நாயைத் தவிர்க்க ஸ்டியரிங்கைத் திருப்பி சென்டர் மீடியனில் இடித்தாலும் அதே கணக்குதான்.

'சேலம் போய்ப் பாத்துக்கலாம்' என்ற தவறு

கிளைம் சிக்கலாவது பெரும்பாலும் மோதலுக்குப் பிறகுதான். மாட்டின் மேல் மோதும்போது ரேடியேட்டரும் அடிவாங்கும். கூலன்ட் ஒழுகுவது இருட்டில் தெரியாது. "வண்டி ஓடுதே" என்று கிளம்பினால், கொஞ்ச தூரத்தில் இன்ஜின் சூடேறி சீஸ் ஆகிவிடலாம். பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் பணம் தரும் நிறுவனம், இன்ஜினுக்குக் கை விரித்துவிடும். விபத்துக்குப் பிறகு ரிப்பேர் செய்யாமல் ஓட்டினால், அதனால் கூடும் சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்பது பாலிசியிலேயே இருக்கும் நிபந்தனை.

எனவே இன்ஜினை அணைத்து, ஹசார்டு லைட் போட்டு, ஆட்கள் தடுப்புக்கு வெளியே நிற்பது முதல் வேலை. பிறகு நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அழைக்கலாம். மாடு, பிரேக் தடம், நம்பர் பிளேட் தெரிய போட்டோ எடுத்து, அங்கிருந்தே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, வண்டியை ரெக்கவரி வாகனத்தில் ஏற்றுவதே பாதுகாப்பு. சர்வேயர் பார்ப்பதற்கு முன் பாகங்களைக் கழற்றக் கூடாது. யாருக்காவது காயம் என்றால் போலீஸுக்கும் சொல்லியாக வேண்டும்.

ரூ.40,000 பில்லுக்கு எவ்வளவு வரும்?

இரண்டரை வயதான, 1,200 சிசி கார் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் 50%, எனவே ரூ.12,000 பம்பருக்கு ரூ.6,000 வரும். இந்த வயது காரின் உலோக பாகத்துக்கு 15% பிடிப்பார்கள், ரூ.14,000 பானெட்டுக்கு ரூ.11,900. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை, ரூ.8,000 முழுசாக வரும். லேபர் ரூ.6,000. ஆக மொத்தம் ரூ.31,900. இதில் கட்டாயக் கழிவு ரூ.1,000 போக, கைக்கு வருவது ரூ.30,900. மீதி ரூ.9,100 சொந்தப் பணம். ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்த்திருந்தால் தேய்மானப் பிடித்தம் இருக்காது.

இன்னொரு இழப்பும் உண்டு. இரண்டு வருடம் கிளைம் இல்லாததால் 25% ஆக இருந்த நோ கிளைம் போனஸ், அடுத்த புதுப்பித்தலில் 35% ஆகியிருக்கும். இப்போது அது பூஜ்யம். ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.8,000 என்றால், அடுத்த வருடம் மட்டும் ரூ.2,800 கூடுதல். பம்பர் மட்டும் உடைந்த சின்ன கேஸில், கிளைம் செய்யாமல் இருப்பதே லாபமாகலாம்.

பைக்கில் போனவருக்கு?

மாட்டில் மோதி விழுந்த பைக் உரிமையாளர், தன் தேர்டு பார்ட்டி பாலிசியில் தனக்கே இழப்பீடு கேட்க முடியாது. அவருக்குக் கைகொடுப்பது ரூ.15 லட்சம் தனிநபர் விபத்து காப்பீடு. அதுவும் மரணம், நிரந்தர ஊனத்துக்குத்தான். ஆஸ்பத்திரி பில்லுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் தனியாக வேண்டும்.

நிறுவனம் கிளைமை நிராகரித்தால், காரணத்தை எழுத்தில் வாங்கி அங்கேயே முதலில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் தீர்வு இல்லையென்றால், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்; கட்டணம் இல்லை.

நெடுஞ்சாலைகளில் திரியும் மாடுகளை அப்புறப்படுத்தி, ரோந்துக் குழுக்களும் அமைக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7-ல் உத்தரவிட்டது. அது சாலையில் நடைமுறைக்கு வரும்வரை, மாட்டை அவிழ்த்துவிட்டவருக்கும் சாலையைப் பராமரிப்பவருக்கும் செலவில்லை. தப்பே செய்யாத டிரைவர்தான் தேய்மானத்தையும் போனஸையும் இழக்கிறார்.